வெள்ளை பூத்தால் வெயில் அண்டாதாம்!

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கறுத்த தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு என்று தொடங்குகிறது இதழொன்றில் வந்த ஒரு கட்டுரை. அப்படியும் பூசித்தான் தீருவேன் என்பவர்கள் துத்தநாகப் பொடி கலந்த களிம்பைத்தான் பூச வேண்டும் என்று நடுவில் திரும்புகிறது. அது முகத்தில் வெள்ளையாகப் படிவதே அது வேலை செய்வதற்கு அத்தாட்சி என்று உச்சத்துக்குப் போகிறது. தம் வீட்டிலேயே தயாராகும் 50 கிராம் டப்பாவின் விலையைச் சொல்லி மங்களம் பாடுகிறது. எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, ஆளைக் காட்டிக் கொடுக்காமலும் ஆயிற்று. முதல் பாதியில் தேவையே இல்லை என்று நிறுவிய பொருளை இரண்டாம் பாதியில் விற்கிற கட்டுரையில் எந்தப் பாதியை மூளை எழுதியது, எந்தப் பாதியைக் கல்லாப்பெட்டி எழுதியது என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இடையில் வரும் வாதங்களைச் சும்மா விட முடியாது. எண்ணெய் வழியும் முகத்தோடு வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் அதை நம்பித் தொலைப்பார்கள்.

முதல் வாதம், கறுப்பே கவசம் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து அதிகம். மெலனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும். வெயில் பட்டுத் தோல் வெந்து உரிவதும் தோல் புற்றுநோயும் நம்மிடையே வெள்ளையர்களைவிட மிகக் குறைவு. எவ்வளவு தடுக்கும் என்று கேட்டால் மட்டும் அண்ணாச்சி கவிதைக்குத் தாவிவிடுகிறார். 1979இல் கேய்ட்பே குழுவினர் கறுப்பினத்தவரின் மேல்தோலையும் வெள்ளையரின் மேல்தோலையும் எடுத்து, அவற்றின் வழியே எவ்வளவு கதிர் ஊடுருவுகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தோலைச் சிவக்கவைக்கும் புறஊதா-பி கதிருக்கு எதிராக வெள்ளைத்தோல் தந்த காப்பு சராசரியாக 3.4, கறுப்புத்தோல் தந்தது 13.4. கடையில் எஸ்.பி.எஃப். 13 என்று எழுதிய குப்பியைக் கொடுத்தால் அண்ணாச்சி வாங்குவாரா? நம்மில் பெரும்பாலோர் அந்த அளவுக்குக் கறுப்பும் இல்லை. நம் கணக்கு அதற்கும் கீழே.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து மக்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது பெரும்பாலும் மங்கு விழுந்ததற்கும், பரு ஆறிய இடத்தில் கறுப்பு தங்கிவிட்டதற்கும்தான். இரண்டுமே நிறமி கூடிப்போவதால் வருபவை. அண்ணாச்சி மார்தட்டும் அந்தக் கவசமே இங்கே கறையாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே கறுத்த தோலில் நாள்பட்ட கருமையை உண்டாக்குகிறது, வெளுத்த தோலில் அப்படி உண்டாக்குவதில்லை என்று 2010இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கறுப்பு என்பதால் கவலை இல்லை என்றவர், கறுப்புக்கென்றே தனியாக ஒரு கவலை இருப்பதைப் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு மறைத்தாரா? இரண்டில் எது கௌரவம் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

அடுத்து, கத்திரி வெயிலில் மட்டும் கவனமாக இருந்தால் போதுமாம். சூட்டையும் கதிரையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கே உரிய நம்பிக்கை இது. திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்பது மே மாதத்தில் அல்ல, சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு. கத்திரி தொடங்கும்போது அது நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். தரையும் காற்றும் சூடேறி முடிக்க நாளாவதால் புழுக்கம் பின்தங்கி வருகிறது, அவ்வளவுதான். அதே சூரியன் திரும்பி வந்து ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை உச்சிக்கு நேராக நிற்கும். அப்போது செங்கோட்டைக் கணவாய் வழியே சீசன் காற்று அடித்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. மார்கழியில்கூட நம் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகை உயரத்தில் நிற்கிறது. லண்டனில் நடுக்கோடையிலேயே அது எட்டுவது 62 பாகைதான். வெள்ளைக்காரச் சரக்கு என்று கேலி பேசுகிறவர், அந்த வெள்ளைக்காரன் தன் கோடையில் படுகிற வெயிலை நாம் மார்கழியிலேயே கிட்டத்தட்டப் பட்டுவிடுகிறோம் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

இனி மைய வாதம். முகத்தில் வெள்ளை பூப்பது காப்பின் அடையாளமாம். துத்தநாகம் கண்ணாடிபோல நின்று கதிரைத் திருப்பி அனுப்புவதை நாமே கண்ணால் காண்கிறோமாம். கண்ணால் காண்கிறோம் என்ற அந்த இடத்திலேயே வாதம் செத்துவிட்டது, அண்ணாச்சி. புறஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தடுப்பதும் தெரியாது, தடுக்காமல் விடுவதும் தெரியாது. நமக்கு வெள்ளையாகத் தெரிவது, தடுக்க வேண்டிய கதிரோடு சம்பந்தமில்லாத கட்புல ஒளி அந்தத் துகள்களில் மோதிச் சிதறித் திரும்புவதுதான். கற்கண்டு முழுதாக இருக்கும்போது ஒளி ஊடுருவுகிறது, இடித்துப் பொடியாக்கினால் வெள்ளையாகிவிடுகிறது; சேர்மானம் மாறவில்லை, ஒளி சிதறும் பரப்பு கூடியிருக்கிறது. ஒளியை வளைக்கும் திறன் தோலுக்கு 1.4 அளவில் இருக்க, துத்தநாக ஆக்சைடுக்கு ஏறக்குறைய 2, டைட்டானியம் டையாக்சைடுக்கு 2.6க்கு மேல். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதாலும், துகள்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவில் இருப்பதாலும் வெளுப்பு வருகிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் டைட்டானியத்தைக் கொட்டுவது இதற்காகத்தான். கதிரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கதையாவது தேறுமா என்றால் அதுவும் இல்லை. இந்தக் கனிமங்கள் புறஊதாவைத் தடுப்பது பெரும்பாலும் உறிஞ்சித்தான் என்பதும், திருப்பி அனுப்புவது மிகச் சிறு பங்கு என்பதும் அளந்து சொல்லப்பட்டுவிட்டன. ஆக, கதிரைத் தடுக்கும் விதத்தில் அண்ணாச்சியின் துத்தநாகமும் அவர் திட்டும் ரசாயன வடிகட்டிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வெளுப்பு அந்த வேலைக்குக் கூலியல்ல, கழிவு.

துகளை 100 நானோமீட்டருக்குக் கீழே அரைத்தால் வெளுப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் நிறமியைத் தூண்டுகிற நீண்ட அலைப் புறஊதா-ஏ பக்கம் காப்பும் கொஞ்சம் இறங்கும். அதைச் சரிக்கட்டத் துத்தநாகத்தின் அளவை ஏற்றினால் மாநிறத் தோலில் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு பூச்சு மறுபடியும் வந்து நிற்கும். வெளுத்த தோலில் இது தெரியாது. நம் தோலில்தான் தெரியும். இங்கேதான் அண்ணாச்சியின் உள்மனம் எட்டிப் பார்க்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் தமிழ்ப் பெண்ணின் மாமை நிறத்துக்குச் சங்கப் பாடல்களைச் சாட்சிக்கு அழைத்தவர், நடுவில் தம் களிம்பு தருகிற வெண்மையை முகப்பொலிவு என்று வருணிக்கிறார். மாமையை மூடிப் படர்ந்தால் அதற்குப் பசலை என்று பெயர், அண்ணாச்சி. தலைவி அதைப் பொலிவு என்று சொல்லி மகிழ்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. வெளுப்பை நேரடியாக விற்க முடியாத காலத்தில் காப்பு என்ற முகமூடியில் விற்கலாம் என்று நம் அண்ணாச்சி கண்டுபிடித்திருக்கிறார். டோன்-அப் என்று எழுதி வரும் கடைச் சரக்குகளும் வேண்டுமென்றே வெள்ளை நிறமியைச் சேர்த்து இதே தந்திரத்தைச் செய்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஒரு கண்ணுக்கு மட்டும் சுண்ணாம்பு வைக்கக் கூடாது.

சரி, இயற்கை? துத்தநாகம் சித்தர் சொத்து, மற்றதெல்லாம் ரசாயனம் என்கிறார். துத்தநாகத்தைப் புடம்போட்டு நாகபற்பம் செய்வது நம் மரபில் உண்டுதான். புடம்போடுவது வேதிவினை என்று பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவரே சொல்லிவிடுவார். அண்ணாச்சி டப்பாவில் இருப்பது அந்தப் பற்பமும் அல்ல. உலையில் உலோகத்தை ஆவியாக்கி எரித்து எடுக்கும் தொழிற்சாலைப் பொடி. ரசாயன வடிகட்டிகள் ரத்தத்தில் கலக்கின்றன என்று அவர் சுட்டும் அமெரிக்க ஆய்வுகள் 2019இலும் 2020இலும் வந்தவை. கலக்கின்றன என்று அவை சொன்னது மெய். இன்னும் ஆராய வேண்டிய அளவு இது, ஆனால் பூசுவதை நிறுத்த இது காரணமல்ல என்று சொன்னதும் அதே ஆய்வுகள்தான். பாதி வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவரை ஆய்வாளர் என்பதா, வியாபாரி என்பதா?

கடைசியாக எண்ணெய்ச் சருமம். முகத்தில் வழிகிற எண்ணெயே இயற்கைக் காப்பு என்றும், கடைச் சரக்கு பருவைக் கிளப்பும் என்றும், தம் தயாரிப்பில் தேங்காய் எண்ணெய் இருப்பதால் அது தோலோடு இணங்கும் என்றும் மூன்றடுக்காக ஒரு மாளிகை கட்டுகிறார். சீபம் என்கிற அந்த எண்ணெய் கதிருக்கு எதிராகச் செய்வது அற்பம். ஆனால் மேலே பூசிய படலத்தைக் கரைத்து நழுவவைப்பதில் கெட்டி. தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும். 38 பாகை அடிக்கும் வண்ணார்ப்பேட்டை நடுரோட்டில் அது எங்கே நிற்கும், கழுத்துப் பட்டையிலா? எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துச் சோதனைக்குழாயில் அளந்து 7 என்று ஒரு எண் வந்ததை எடுத்துக்கொண்டு ஆடுகிறார்கள். தோலில் படலமாக நின்று அளந்த எண் அல்ல அது. பரு வரும் முகத்தில் துளையை அடைக்கும் எண்ணெய்களின் பட்டியலிலும் தேங்காய் எண்ணெய் முன்வரிசைதான். இதில் துத்தநாகப் பொடியைக் கையால் கலக்கினால் துகள்கள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். திரண்ட இடத்தில் வெள்ளைத் திட்டு, திரளாத இடத்தில் வெறும் தோல். வெளுப்பும் உண்டு, காப்பும் இல்லை. இரண்டு கேட்டையும் ஒரே டப்பாவில் அடைத்ததை வேண்டுமானால் சாதனை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாற்று என்ன என்று கேட்பார்கள். சொல்கிறேன். சேரன்மகாதேவியிலிருந்து ஸ்கூட்டரில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கு வரும் ஒரு விளையாட்டு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். மாநிறம், மூக்கும் நெற்றியும் பத்து மணிக்கே பளபளக்கும் எண்ணெய்த் தோல், கன்னத்து எலும்பில் மங்கு தொடங்கியிருக்கிறது. காலையில் கிழக்கே பார்த்து வருகிறார், மாலையில் மேற்கே பார்த்துப் போகிறார். இரண்டு வேளையும் சூரியன் நேர் முகத்தில். இடையில் பதினொரு மணிக்கு மைதானம். இவர் அட்டையைத் திருப்பி முதலில் பார்க்க வேண்டியது சேர்மானப் பட்டியலை. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் அதில் இல்லையென்றால் வெள்ளை பூக்கும் வாய்ப்பில் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. புறஊதா-ஏ பக்கம் பெமோட்ரிசினால் இருந்தால் நல்லது. வெயிலில் சிதையாது, வெளுப்பும் தராது. அவோபென்சோன் மட்டும் தனியாக இருந்தால் வெயில் பட்டே அது சிதையும், ஆக்டினாக்சேட்டைத் துணைக்குச் சேர்த்திருந்தால் இன்னும் வேகமாக. பெமோட்ரிசினாலோ ஆக்டோக்ரைலீனோ கூட இருந்தால் தாக்குப்பிடிக்கும். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின் நான்கு கூட்டல் குறி, நீரைத் தாங்கும் என்ற வாசகம், ஜெல் அல்லது நீர்த்த திரவ வடிவம். இவ்வளவும் அட்டையிலேயே இருக்கும்.

அட்டை சொல்லாததை முகம்தான் சொல்ல வேண்டும். கடையில் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பது வீண், புறங்கையில் முகத்தைப்போல எண்ணெய் ஊறுவதில்லை. தாடையோரத்தில் முழு அளவு பூசி, கால் மணி நேரம் காயவிட்டு, டியூப் லைட்டில் அல்ல, வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்க வேண்டும். பிறகு வியர்க்கும்படி நாலு மாடிப்படி ஏறி இறங்கி மறுபடியும் பார்க்க வேண்டும். காய்ந்தபோது மறைந்திருந்த வெளுப்பு, வியர்வையில் பால்போலக் கரைந்து காதோரம் வழிந்தால் அந்தப் படலம் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு லாயக்கில்லை. வழிந்து கண் எரிந்தால் அது ரசாயன வடிகட்டிகளின் நிஜமான குறை, மறைக்கப்போவதில்லை. புருவத்துக்கு மேலே மட்டும் நழுவாத ஸ்டிக் வகையைப் பூசிக்கொள்ளலாம். மங்கு இருப்பதால் இவருக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமூட்டிய வகை இன்னும் பொருந்தும், கட்புல ஒளியையும் அது பிடிக்கும். அதில் கொஞ்சம் துத்தநாகம் இருந்தாலும் பழுப்பு அதன் வெளுப்பை மூடிவிடும். என்ன, தோலுக்கு ஏற்ற பழுப்பு கிடைக்க வேண்டும். பல நிறுவனங்கள் தமிழ்நாட்டு மாநிறத்தைப் பார்த்ததே இல்லாத மாதிரி ரோஸ் நிறத்தில் தயாரித்து அனுப்புகின்றன.

இப்போது அளவுக்கு வருவோம், ஏனென்றால் அண்ணாச்சி தம்மைத் தாமே தூக்கில் போட்டுக்கொண்ட இடம் இது. எஸ்.பி.எஃப். எண்ணை அளக்கும் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். முகமும் முன்கழுத்தும் ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒரு முறைக்கு 1.2 கிராம்; ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வருகிற அளவு. இரண்டு தடவையாகப் பூசினால் சீராகப் படியும். நம் ஆசிரியை காலையில் ஒரு முறையும், மைதானத்துக்கு இறங்குமுன் முகத்தைக் கைக்குட்டையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு இன்னொரு முறையும் பூசினால் நாளைக்கு 2.4 கிராம். 50 கிராம் குப்பி மூன்று வாரத்தில் காலி. மாலைப் பயணத்துக்கும் பூசினால் இரண்டு வாரம் தாண்டாது. செலவுதான், மறுக்கவில்லை, அதனால்தான் விலை கூடிய சின்னக் குப்பியைவிட, தோலுக்கு ஒத்துப்போகிற மலிவான பெரிய குப்பி மேல் என்கிறேன்.

அண்ணாச்சியோ தம் 50 கிராம் டப்பா ஒருவருக்கு ஆறு மாதம் வரும் என்று பெருமையடிக்கிறார். 180 நாளுக்கு 50 கிராம் என்றால் நாளைக்கு 0.28 கிராம். ஒரே ஒரு முறை பூசத் தேவையானதிலேயே கால்வாசிக்கும் குறைவு. அவர் சரக்கு உண்மையிலேயே எஸ்.பி.எஃப். 50 என்று தானமாகக் கொடுத்தாலும், காப்பு நேர்விகிதத்தில் இறங்கினால் 12க்குக் கீழே வரும். படலம் மெலிய மெலியப் பெருக்கல் கணக்கில் இறங்கினால் 3ஐக்கூடத் தொடாது. நிஜம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஏன் ஆறு மாதம் வருகிறது என்றுதான் கேட்க வேண்டும். வாங்கியவர்கள் சிக்கனக்காரர்கள் என்பதாலா? முழு அளவு பூசினால் முகம் பொங்கல் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும் என்பதால் அவர்கள் பட்டும் படாமல் தடவிக்கொண்டு வெளியே போகிறார்கள். வெளுப்பை அழகுப் பிரச்சினை, பெண்களின் சொகுசு என்று அண்ணாச்சி ஒதுக்கித் தள்ளினாரே, அந்த வெளுப்புதான் அளவைக் குறைக்கிறது. அளவு குறைந்தால் காப்பு போகிறது. வெள்ளை பூக்காத சரக்கைத் தேடுகிறவள் அழகுக்காக மட்டும் தேடவில்லை, முழு அளவு பூசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவே நிற்க முடிய வேண்டும் என்பதற்காகவும் தேடுகிறாள்.

குடையும் துப்பட்டாவும் சன்ஸ்க்ரீனைவிட மேல் என்று அண்ணாச்சி போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை மட்டும் நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். அது அவர் விற்கும் பொருள் அல்ல என்பது தற்செயலாக இருக்கலாம். விற்கும் பொருளைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தியாவில் சன்ஸ்க்ரீன் அழகுசாதனப் பொருள் வகையில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, தயாரித்து விற்க உரிமம் வேண்டும், உரிம எண்ணும் தொகுதி எண்ணும் எவ்வளவு காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் உறையில் இருக்க வேண்டும். கட்டுரையோடு அச்சாகியிருக்கும் டப்பாவின் படத்தை உருப்பெருக்கியால் தேடிப் பார்த்தேன். தாமரைப்பூ இருக்கிறது, எஸ்.பி.எஃப். 50 இருக்கிறது, 'ரசாயனம் இல்லை' என்பது மூன்று இடத்தில் இருக்கிறது. அந்த 50 எந்த ஆய்வகத்தில், எத்தனை பேர் தோலில் அளந்து வந்தது என்ற அறிக்கையை அடுத்த இதழில் அண்ணாச்சி வெளியிடட்டும், உரிம எண்ணோடு சேர்த்து.